சிங்கப்பூர்ல சம்பாதிச்ச சொத்து, திருவண்ணாமலையில கட்டின வீடு: யார் சட்டம் செல்லும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் டெக் எதுவும் இல்ல. எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயத்தைப் பேசப் போறேன். வீட்டுல எல்லார்கிட்டயும் கேட்டுட்டுதான் பேசறேன். பேர் எதுவும் சொல்ல மாட்டேன்.

எங்க ஊர் திருவண்ணாமலை. அப்பாவோட தம்பி, அதாவது என் சித்தப்பா, 22 வருஷம் சிங்கப்பூர்ல வேலை பார்த்தார். போன வருஷம் திடீர்னு மாரடைப்பு. அங்கேயே இறந்துட்டார். உயில் எழுதி வைக்கல. அம்பது வயசு கூட ஆகாத மனுஷன், யார்தான் எழுதுவாங்க?

அவருக்குப் பின்னாடி இருந்தது நாலு பேர். சித்தி, காலேஜ் படிக்கிற பொண்ணு, பதினஞ்சு வயசுப் பையன், அப்புறம் எங்க ஆயா. ஆயான்னா அப்பாவோட அம்மா. வயசு 78. செங்கம் ரோடு பக்கத்துல சித்தப்பா ஒரு வீடு கட்டினார். ரிட்டயர் ஆனதும் வந்து இருக்கலாம், பௌர்ணமிக்கு வீட்டு வாசல்லயிருந்தே கிரிவலம் கிளம்பலாம்னு கட்டின வீடு. அதுல இப்போ ஆயாதான் இருக்காங்க.

காரியம் எல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். சித்தி அப்பாவுக்கு போன் பண்ணாங்க. "மாமா, இங்க வக்கீல்கிட்ட கேட்டேன். பொண்டாட்டிக்குப் பாதி, பிள்ளைங்களுக்குப் பாதின்னு சொல்றாரு. அந்த வீட்டை என்ன பண்றதுன்னு நாமளே உக்காந்து பேசிக்கலாமா?"ன்னு கேட்டாங்க. அவங்க தப்பா எதுவும் கேக்கல. அப்பா, "சரிம்மா, பேசலாம்"னு வெச்சுட்டார். ஆனா போனை வெச்சதும் அப்பா கேட்ட கேள்விதான் இந்த எபிசோட்: "அப்போ எங்கம்மாவுக்கு ஒண்ணுமே இல்லையா?"

ரெண்டு நாடு, ரெண்டு பட்டியல்

முதல்ல ரெண்டு சட்டமும் என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்.

உயில் இல்லாம ஒரு இந்து ஆண் இறந்தா, இந்தியாவுல 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும். அதுல முதல் வகுப்பு வாரிசுகள்னு ஒரு பட்டியல் இருக்கு. மனைவி, மகன், மகள், அம்மா எல்லாரும் அதுல வர்றாங்க. ஆளுக்குச் சமமா ஒரு பங்கு. கவனிங்க, அம்மா முதல் வகுப்பு, அப்பா ரெண்டாம் வகுப்பு. இது பலருக்குத் தெரியாது. எங்க கணக்குல நாலு பேர், அதனால ஆளுக்குக் கால் பங்கு. இது சித்தப்பா தன் சம்பாத்தியத்துல கட்டின வீடுங்கறதால இவ்வளவு சுலபம். பூர்வீகச் சொத்தா இருந்தா கணக்கே வேற.

சிங்கப்பூர்ல உயில் இல்லாம இறந்தவங்களுக்கு 1967-ம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு. முஸ்லிம்களைத் தவிர மத்த எல்லாருக்கும் அதுதான். மனைவியும் பிள்ளைகளும் இருந்தா மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி. பிள்ளைகள் இல்லாம இருந்தாதான் அப்பா அம்மாவுக்குப் பங்கு வரும். ஆக, அந்தப் பட்டியல்ல ஆயாவுக்கு பூஜ்யம்.

அப்போ எந்தப் பட்டியல் செல்லும்? சித்தப்பா இறந்தது சிங்கப்பூர்ல, அதனால சிங்கப்பூர் சட்டம்தானேன்னு தோணும். இல்ல, அவர் இந்து, அதனால எல்லாத்துக்கும் இந்துச் சட்டம்னு தோணும். ரெண்டுமே தப்பு. எங்க இறந்தார்ங்கறது கிட்டத்தட்ட முக்கியமே இல்ல. சொத்தை ரெண்டா பிரிச்சுப் பாக்கணும்.

நகராதது, நகர்றது

நிலம், வீடு மாதிரி நகராத சொத்துக்கு, அது எந்த நாட்டு மண்ணுல இருக்கோ அந்த நாட்டுச் சட்டம். சொந்தக்காரர் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வெச்சிருந்தார், எங்க இறந்தார்ங்கறது பத்திக் கவலை இல்ல. பேங்க் பணம், ஷேர், நகை மாதிரி நகர்ற சொத்துக்கு, இறக்கும்போது அவரோட டொமிசைல் எந்த நாடோ அந்த நாட்டுச் சட்டம். டொமிசைல்னா சட்டத்தோட கண்ணுல அவரோட நிரந்தர வீடு இருக்கிற நாடு.

இந்தியாவுல இதை 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தோட 5-வது பிரிவு எழுத்துல சொல்லுது. அந்தப் பிரிவு இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நேரடியாப் பொருந்தாது. ஆனா கோர்ட்டுகள் அவங்க விஷயத்துலயும் இதே கொள்கையைத்தான் பின்பற்றுது. சிங்கப்பூர் சட்டமும் இதையேதான் சொல்லுது: அங்க இருக்கிற நிலம், வீட்டுக்கு எங்க சட்டம், நகர்ற சொத்துக்கு டொமிசைல் நாட்டுச் சட்டம். அதாவது ரெண்டு நாட்டுச் சட்டமும் மோதிக்கல. ரெண்டும் ஒரே கேள்வியைத்தான் கேக்குது.

இது எவ்வளவு பழைய பிரச்சினைன்னு தேடினப்போ ஒரு வழக்கு கிடைச்சுது. ராமலிங்க முதலியார்னு ஒருத்தர். பெங்களூர்ல இருந்து பெரிய அளவுல தொழில் பண்ணினவர். 1942 டிசம்பர்ல இறந்துட்டார். சொத்து மைசூர் பக்கமும் இருந்துச்சு, மெட்ராஸ் மாகாணத்துலயும் இருந்துச்சு. இந்தியா சுகர்ஸ் அண்ட் ரிஃபைனரீஸ்ங்கற கம்பெனி ஷேரும் இருந்துச்சு. அவர் உயில் எழுதியிருந்தார். பையன்கள், "இது கூட்டுக் குடும்பச் சொத்து, அப்பா உயில் எழுத முடியாது"ன்னு கேஸ் போட்டாங்க. மைசூர் ஹைகோர்ட், "இல்ல, அவரோட சொந்தச் சம்பாத்தியம்தான்"னு சொல்லிடுச்சு.

மைசூர் அப்போ மன்னர் ஆட்சி. மெட்ராஸ் கோர்ட்டோட கண்ணுல அது வெளிநாட்டுக் கோர்ட். அதனால மைசூர் தீர்ப்பு மெட்ராஸ்ல இருக்கிற சொத்தைக் கட்டுப்படுத்துமாங்கற கேள்வி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1962-ல, விஸ்வநாதன் எதிர் அப்துல் வாஜித்ங்கற வழக்குல பதில் வந்துச்சு. மெட்ராஸ்ல இருக்கிற நிலம், கட்டடத்துக்கு மைசூர் தீர்ப்பு செல்லாது, ஏன்னா தன் எல்லைக்கு வெளிய இருக்கிற மண்ணோட உரிமையைத் தீர்மானிக்க எந்த வெளிநாட்டுக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்ல. ஷேர் மாதிரி நகர்ற சொத்துக்கு அதே தீர்ப்பு கட்டுப்படுத்தும். ஒரே மனுஷன், ஒரே உயில், ஒரே தீர்ப்பு. பாதி செல்லும், பாதி செல்லாது. இதைத் தெரிஞ்சுக்க அந்தக் குடும்பத்துக்குக் கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆச்சு.

எங்க வீட்டுக்கு இதோட அர்த்தம் என்ன? சித்தி சிங்கப்பூர் கோர்ட்டுல நிர்வாக உத்தரவு வாங்கினாலும், அது செங்கம் ரோட்டு வீட்டுல ஆயாவோட கால் பங்கைத் தொட முடியாது. அந்த வீட்டுக்கு இந்தியச் சட்டம்தான், இதுல சந்தேகமே இல்ல.

இப்போ கணக்கு

சித்தப்பா விட்டுட்டுப் போனது என்னன்னு ஒரு எக்செல் ஷீட் போட்டேன். வேற என்ன பண்ணுவேன்? தொகையை எல்லாம் இங்க முழு எண்ணா மாத்திச் சொல்றேன்.

முதல் வரி, திருவண்ணாமலை வீடு. மதிப்பு 80 லட்சம்னு வெச்சுக்கங்க. இந்தியச் சட்டப்படி நாலு பேருக்கும் ஆளுக்கு 20 லட்சம்.

ரெண்டாவது, சிங்கப்பூர்ல அவங்க இருக்கிற வீட்டு வசதி வாரிய ஃப்ளாட். அது புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் கூட்டா இருந்துச்சு. அந்த மாதிரிக் கூட்டு உரிமையில ஒருத்தர் இறந்தா மிச்சம் இருக்கிறவருக்கு முழுசா போயிடும். அது வாரிசுக் கணக்குக்குள்ளயே வராது.

மூணாவது, அவரோட சிபிஎஃப் பணம். நம்ம ஊர் பிஎஃப் மாதிரி. அதுல சித்தியை நாமினியா போட்டிருந்தார். இங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். நம்ம ஊர்ல நாமினின்னா பணத்தைக் கையில வாங்குறவர், அவ்வளவுதான். அப்புறம் அதை வாரிசுகளுக்குப் பிரிச்சுக் குடுக்கணும். 2015 வரைக்கும் இன்ஷூரன்ஸ் விஷயத்துலயும் இப்படித்தான் இருந்துச்சு, சுப்ரீம் கோர்ட் 1984-ல அதைச் சொல்லியிருந்துச்சு, பேங்க் டெபாசிட் விஷயத்துல 2010-ல சொல்லிச்சு. அதே நினைப்புல ஆயாவுக்கு சிபிஎஃப்லயும் பங்கு இருக்குன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். தப்பு. சிங்கப்பூர்ல சிபிஎஃப் நாமினி பேர்ல வந்த பணம் அவருக்கே சொந்தம். ஒரே வார்த்தை, ரெண்டு நாட்டுல ரெண்டு அர்த்தம். அப்பா அதை சித்திகிட்ட சொல்றதுக்கு முன்னாடி நான் திருத்திட்டேன், நல்ல வேளை.

நாலாவது வரிதான் சிக்கல். சிங்கப்பூர் பேங்க்ல அவர் பேர்ல மட்டும் இருந்த 1,20,000 டாலர். இது நகர்ற சொத்து, அதனால டொமிசைல் கேள்வி வரும். அவரோட டொமிசைல் சிங்கப்பூர்னா சித்திக்கு 60,000, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 30,000, ஆயாவுக்கு ஒண்ணும் இல்ல. டொமிசைல் இந்தியான்னா நாலு பேருக்கும் ஆளுக்கு 30,000. அதாவது சிங்கப்பூர் பேங்க்ல இருக்கிற பணத்தை, சிங்கப்பூர் சட்டமே, "இந்தியச் சட்டப்படி பிரிச்சுக்கங்க"ன்னு சொல்லும்.

ஆயாவோட 30,000 டாலர் ஒரே ஒரு கேள்வியில தொங்குது. சித்தப்பாவுக்கு வீடு எது?

டொமிசைல்ங்கறது பாஸ்போர்ட் இல்ல

ஒவ்வொருத்தருக்கும் பிறக்கும்போதே ஒரு டொமிசைல் ஒட்டிக்குது. பெரும்பாலும் அப்பாவோடது. நம்ம பாஷையில சொன்னா அது டிஃபால்ட் வேல்யூ. அதை மாத்தணும்னா ரெண்டு விஷயம் சேந்து நடக்கணும். ஒண்ணு, வேற நாட்டுல போய் நிஜமாவே குடியிருக்கணும். இன்னொண்ணு, இனிமே இதுதான் என் ஊர்ங்கற நிரந்தரமான எண்ணம் இருக்கணும். ஒண்ணு மட்டும் இருந்தா போதாது. மாறிடுச்சுன்னு யார் சொல்றாங்களோ அவங்கதான் நிரூபிக்கணும்.

சுப்ரீம் கோர்ட் 1954-55 வாக்குல ராம் நாராயண்ங்கறவர் வழக்குல இதைப் பேசியிருக்கு. அவர் முல்தான் பக்கத்துக்காரர். பிரிவினைக்கு அப்புறமும் கொஞ்ச நாள் பாகிஸ்தான்ல இருந்துட்டு, 1947 நவம்பர்ல இந்தியா வந்தார். அது வாரிசு வழக்கு இல்ல, அவர் மேல வந்த திருட்டுப் புகார். ஆனா அவரோட டொமிசைல் எப்போ மாறுச்சுங்கறதுதான் அதுல கேள்வி. இந்தியா வரணும்னு மனசுல நினைச்சிருந்தா மட்டும் போதாது, நிஜமா வந்து குடியேறணும்னு கோர்ட் சொல்லுச்சு.

சித்தப்பா விஷயத்துல குடியிருந்தது நிச்சயம், 22 வருஷம். எண்ணம்தான் கேள்வி. அவர் கடைசி வரைக்கும் நிரந்தரவாசியாதான் இருந்தார், சிங்கப்பூர் குடியுரிமை வாங்கல. இந்தியப் பாஸ்போர்ட். அது ஒரு சின்னத் தடயம்தான், அது மட்டுமே முடிவு பண்ணாது. ஆனா செங்கம் ரோட்டு வீடு பெரிய தடயம். ரிட்டயர் ஆகி வர்றதுக்குன்னே கட்டினது. மாடிப்படி வேணாம், வயசானா ஏற முடியாதுன்னு கொத்தனார்கிட்ட சொன்னது எனக்கே ஞாபகம் இருக்கு. இன்னொரு பக்கம், பொண்டாட்டி பிள்ளைங்க சிங்கப்பூர்க் குடிமக்கள். பிள்ளைங்க படிப்பு, எதிர்காலம் எல்லாம் அங்க. ஃப்ளாட்டும் அங்க. "கடைசில பிள்ளைங்களை விட்டுட்டு நான் எங்க வர்றது"ன்னு அவர் சொன்னதும் உண்டு.

பாருங்க, அவர் கட்டின வீடு ரெண்டு வேலை செய்யுது. சொத்தா அது இந்தியச் சட்டத்துக்குள்ள வருது. சாட்சியா அது சிங்கப்பூர்ப் பணத்தோட விதியைத் தீர்மானிக்குது.

இதைக் கேக்கறவங்க வீட்டுல யாராவது வளைகுடா நாட்டுல இருந்தா, அவங்க டொமிசைல் பெரும்பாலும் இந்தியாவாதான் இருக்கும். காரணம், வேலை முடிஞ்சா திரும்பி வர்றதுதான் அங்க வழக்கம். சிங்கப்பூர், அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுலதான் கேள்வி கடினமாகுது.

எங்க ஊர் வெள்ளைக்காரங்க

இதே விதி எதிர்ப் பக்கமும் வேலை செய்யுது. ரமணாசிரமம் பக்கம் போனீங்கன்னா வருஷக் கணக்கா தங்கியிருக்கிற வெளிநாட்டுக்காரங்களைப் பாக்கலாம். 1925 சட்டத்தோட 5-வது பிரிவுல ஒரு உதாரணம் குடுத்திருக்காங்க. பிரான்ஸ்ல டொமிசைல் இருக்கிற ஒரு ஆங்கிலேயர் இந்தியாவுல வந்து இறந்துபோறார். இங்க அவருக்கு நிலமும் இருக்கு, பணமும் இருக்கு. நிலத்துக்கு இந்தியச் சட்டம். பணத்துக்கு, பிரான்ஸ்ல டொமிசைல் வெச்சு இறந்த ஆங்கிலேயருக்கு பிரான்ஸ்ல என்ன விதியோ அது. நூறு வருஷம் முன்னாடி எழுதினது, செங்கம் ரோட்டைப் பாத்து எழுதின மாதிரியே இருக்கு. அவங்கள்ல ஒருத்தர், "இனி இதுதான் என் இடம்"னு முடிவு பண்ணி இருந்துட்டா, அந்தப் பணத்துக்கும் இந்தியச் சட்டம் வந்துடும். எல்லாம் அந்த எண்ணம்தான்.

எப்படி முடிஞ்சுது

டொமிசைல் கேஸ் நடத்தியிருந்தா சாட்சி, அஃபிடவிட், ரெண்டு நாட்டு வக்கீல் ஃபீஸ்னு அந்த 30,000 டாலர்ல நல்ல பங்கு அதுக்கே போயிருக்கும். அதைவிட, சித்தப்பாவுக்கு எது வீடுன்னு ஆயாவும் சித்தியும் கோர்ட்டுல எதிரெதிரா நின்னு சொல்லணும்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. ஆயாவுக்குக் கிடைக்கிற பங்கு, ஆயா உயில் எழுதாமப் போனா எங்க அப்பாவுக்கும் அத்தைக்கும் வரும். இறந்த சித்தப்பாவோட ஒரு பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். அதனால நான் ஆயாவுக்காகப் பேசினப்போ, சுத்தி வளைச்சு எங்க வீட்டுக்கும் பேசினேன். சித்திக்கு அது புரிஞ்சிருக்கும். எனக்குத்தான் லேட்டா புரிஞ்சுது.

கடைசில ஆயாவே பேசினாங்க. "அவன் டாலர் எனக்கு எதுக்குடா? இந்த வீட்டை மட்டும் நான் இருக்கிற வரைக்கும் விக்காதீங்க"ன்னாங்க. சித்தி ஒத்துக்கிட்டாங்க. உண்மையில வீட்டை உடனே விக்கவும் முடியாது. பையன் மைனர். மைனரோட பங்கை அம்மாவே ஆனாலும் கோர்ட் அனுமதி இல்லாம விக்கக் கூடாதுன்னு 1956-ம் வருஷத்து இந்து மைனர், காப்பாளர் சட்டம் சொல்லுது.

எல்லாத்தையும் எழுத்துல போட்டோம். பணத்துல ஆயா உரிமை கேக்கலன்னு சிங்கப்பூர் வக்கீல் சொன்ன வாசகத்துல ஒரு பத்திரம். வீட்டுல ஆயா தன் கால் பங்கை விட்டுக் குடுக்கல, வெச்சுக்கிட்டாங்க. அது அவங்களுக்குக் கூரை. ஆனா தனியா ஒரு உயில் எழுதினாங்க: தனக்கப்புறம் அந்தக் கால் பங்கு சித்தப்பாவோட ரெண்டு பிள்ளைங்களுக்கு. சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவும் பண்ணோம். அப்பாதான் கூட்டிட்டுப் போனார். சிங்கப்பூர் இறப்புச் சான்றிதழை இங்க காட்டணும்னா அங்கேயே அப்போஸ்டில் முத்திரை வாங்கிட்டு வரணும். அதை சித்தி முதல்லயே செஞ்சு அனுப்பினதால ஒரு அலைச்சல் மிச்சம்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. வெளிநாட்டுல இருக்கிற உங்க ஆளுங்ககிட்ட உயில் எழுதச் சொல்லுங்க. சொத்து ரெண்டு நாட்டுல இருந்தா ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு உயில் எழுதறது சௌகரியம். ஆனா எல்லா உயில் மாதிரிப் படிவத்துலயும், "இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்"னு ஒரு வரி இருக்கும். ரெண்டாவது உயில்ல அதை அப்படியே விட்டா முதல் நாட்டு உயில் செத்துடும். எந்த நாட்டுச் சொத்துக்கான உயில்னு குறிப்பிட்டு, அந்த வரியை அந்த நாட்டோட நிறுத்தணும். எது என் நிரந்தர வீடுன்னும் அதுல ஒரு வரி எழுதச் சொல்லுங்க. கோர்ட் அதை அப்படியே ஏத்துக்கணும்னு இல்ல, ஆனா அது அவர் வாயாலயே சொன்ன சாட்சி.

சித்தப்பா அந்த ஒரு வரி எழுதியிருந்தா, அவருக்கு எது வீடுன்னு நாங்க ஊகிக்க வேண்டி வந்திருக்காது.